கையால் இழுத்துப் பார்த்தும் அகப்படாத ஸ்கிம்மர்: பணம் செலுத்தும் முன் கார்டு கருவியில் எதைப் பார்ப்பது?

பூங்குழலி

வணக்கம். வாடிக்கையாளரே எரிபொருளை நிரப்பிக்கொண்டு பம்பிலேயே கார்டைச் செருகிப் பணம் செலுத்தும் நிலையம் ஒன்றில், என் தம்பி சென்ற மாதம் தன் டெபிட் கார்டைப் பயன்படுத்தினான். கார்டின் தகவலைத் திருடுவதற்காகப் பணம் செலுத்தும் கருவியில் மறைவாகப் பொருத்தப்படும் ஸ்கிம்மர்களைப் பற்றி அவன் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்ததால், கார்டைச் செருகும் முன் அந்தத் துளையின் விளிம்பை விரல்களால் பற்றி இழுத்துப் பார்த்திருக்கிறான். எதுவும் அசையவில்லை, கழன்றும் வரவில்லை. பின் எண்ணை அழுத்தும்போது இடக்கையால் விசைகளை மறைத்தும் இருக்கிறான். ஆனாலும் சில நாள்கள் கழித்து, அவன் போயே இராத ஊரில் உள்ள ஏ.டி.எம். ஒன்றில் அவன் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. அந்த நேரத்தில் கார்டு அவனிடம்தான் இருந்தது.

வங்கியில் முறையிட்டதற்கு, சரியான பின் எண் கொடுக்கப்பட்டிருப்பதால் அவனே யாரிடமாவது அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று பதில் வந்துள்ளது. நான் அறிய விரும்புபவை இரண்டு: கையால் மறைத்த பின் எண் எப்படி வெளியே போயிருக்க முடியும்? அடுத்த முறை கருவியில் எதைப் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்கலாம்?

தணிகைவேல்

உங்கள் தம்பியின் கார்டில் சிப் இருந்தால், அதை நகலெடுக்க முடியாது. சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதியதொரு குறியீட்டை உருவாக்குகிறது. பழைய குறியீட்டை யாரேனும் பதிவு செய்து வைத்திருந்தாலும் அது மறுமுறை செல்லாது. ஆகவே பங்க்கை விட்டுவிட்டு, அவர் வேறு எங்கே கார்டைக் கொடுத்தார் என்று யோசிப்பது நல்லது.

பம்பைச் சோதிக்க எளிய வழி ஒன்றும் உண்டு. கைபேசியில் ப்ளூடூத்தைத் திறந்து, அருகிலுள்ள கருவிகளின் பட்டியலில் `HC-05` அல்லது `HC-06` என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள். ஸ்கிம்மர்களில் பயன்படும் மலிவான ப்ளூடூத் பலகைகளின் பெயர்கள் இவை. அந்தப் பெயர் வரவில்லை என்றால் அந்தப் பம்பை நம்பலாம்.

செங்குட்டுவன்

எரிபொருள் பம்புகளில் உள்ள கட்டணப் பகுதியைப் பழுதுபார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தணிகைவேல் சிப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தக் கார்டின் பின்புறத்தில் ஒரு காந்தப் பட்டையும் இருக்கிறது. திருடப்பட்டது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். பட்டையில் இருக்கும் தகவல் மாறாதது. அதை ஒருமுறை படித்தவர் வேறொரு வெற்றுக் கார்டில் எழுதிக்கொள்ளலாம். சிப்பைக் கட்டாயமாகக் கேட்காத ஏ.டி.எம்.மில் அந்த நகலும் பின் எண்ணும் சேர்ந்தால் பணம் வந்துவிடும்.

பூங்குழலி, உங்கள் தம்பி இழுத்துப் பார்த்தது தவறான செயல் அன்று. துளையின் மேல் ஒட்டப்பட்ட போலி முகப்பு இருந்திருந்தால் அது கையோடு வந்திருக்கும். பம்புகளில் உள்ள சிக்கல் என்னவென்றால், ஸ்கிம்மர் பெரும்பாலும் வெளியே இருப்பதில்லை. கட்டணப் பகுதியின் கதவைத் திறந்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். பல பழைய பம்புகளில் ஒரே தயாரிப்பின் எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவி பொருந்தும் என்பதால், அந்தக் கதவைத் திறப்பது பழகியவருக்குச் சிறிது நேர வேலைதான். உள்ளே கார்டைப் படிக்கும் தலையிலிருந்து முதன்மைப் பலகைக்குப் போகும் கேபிளைக் கழற்றி, இடையில் சிறியதொரு பலகையை மாட்டி, மீண்டும் இணைத்துவிடுகிறார்கள். பம்ப் வழக்கம்போல் வேலை செய்யும், ரசீதும் வரும். வெளியிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் எதுவும் தெரியாது.

உங்கள் முதல் கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது. பழைய பம்புகளில் எண் பலகையிலிருந்து உள்ளே செல்லும் ரிப்பன் கேபிளையும் அதே பலகையோடு சேர்த்து இணைக்க முடியும். அப்போது எந்த விசை அழுத்தப்பட்டது என்பது மின்குறிப்பாகவே பதிவாகிவிடும். கையால் மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் ஒன்றுதான். பின் எண்ணை எண் பலகைக்குள்ளேயே மறைகுறியாக்கி அனுப்பும் புதிய பலகைகளில் இது நடக்காது, அங்கே திருடர்களுக்குக் கேமரா தேவைப்படும். உங்கள் தம்பி பயன்படுத்திய பம்ப் எந்த வகை என்பதை நான் இங்கிருந்து சொல்ல இயலாது.

ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள். திரையில் “செருகி உடனே எடுக்கவும்” என்று வந்ததா, அல்லது “கார்டை எடுக்க வேண்டாம்” என்று சொல்லிக் கார்டைச் சில நொடிகள் உள்ளேயே வைத்திருக்கச் செய்ததா? முதலாவது என்றால் அந்தப் பம்ப் பட்டையைப் படித்திருக்கிறது, சிப்பை அன்று. சிப்போடு பேசுவதற்குக் கார்டு தொடுமுனைகளின் மேல் அசையாமல் இருக்க வேண்டும்.

மரகதம்

எனக்கும் இப்படித்தான் நடந்தது. உணவகத்தில் பணியாளர் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து நான் வாங்காத பொருள்களுக்கெல்லாம் இணையத்தில் பணம் போகத் தொடங்கியது. இப்போது கார்டுகளுக்கான உலோக உறை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். பங்க்கிற்குப் போகும்போது அந்த உறைக்குள் கார்டை வைத்திருந்தால் ஸ்கிம்மரால் படிக்க முடியாது அல்லவா?

செங்குட்டுவன்

அம்மா, உங்களுக்கு நேர்ந்தது வேறு வகை. கூடுதல் சரிபார்ப்பு கேட்காத இணையத் தளங்களில் வாங்குவதற்குக் கார்டு எண், முடிவுத் தேதி, பின்புறத்தில் அச்சிட்ட மூன்று இலக்கங்கள் ஆகியவை போதும்; கார்டு கண்ணுக்கு மறைவாகச் சென்ற சில நொடிகளில் இரு புறங்களையும் படம் எடுத்திருந்தாலே போதுமானது. கருவியை எவ்வளவு சோதித்தாலும் அது தடுபடாது. கார்டைக் கையிலிருந்து விடாமல், கருவியை மேசைக்குக் கொண்டுவரச் சொல்வதுதான் வழி. உலோக உறை, கார்டு உறைக்குள் இருக்கும்போது அதன் கம்பியில்லாத் தொடர்பை மட்டும் மறைக்கும். பம்பில் செருகுவதற்குக் கார்டை எப்படியும் வெளியே எடுத்துத்தானே ஆக வேண்டும்? அந்த நொடியில் உறையால் பயன் இல்லை.

தணிகைவேல்

பட்டையைப் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே பட்டையில் அந்தக் கார்டுக்குச் சிப் உண்டு என்ற குறிப்பும் இருக்கிறது. முடிவுத் தேதிக்குப் பிறகு வரும் மூன்று இலக்கச் சேவைக் குறியீடு 2 அல்லது 6 என்று தொடங்கினால் கருவி “சிப்பைச் செருகு” என்று கேட்க வேண்டும். அப்படியிருக்க நகல் கார்டு எப்படிச் செல்லுபடியானது?

செங்குட்டுவன்

சரியான கேள்வி. கேட்க வேண்டும் என்பது விதி. ஆனால் கேட்ட பிறகு சிப் வேலை செய்யாவிட்டால் பட்டைக்குத் திரும்பும் வழியைப் பல கருவிகளும் பல வங்கிகளும் இன்னும் திறந்தே வைத்துள்ளன. நகல் கார்டில் கெட்டுப்போன சிப் ஒன்றை ஒட்டிவைத்து அந்த வழியில் நுழைவார்கள். சிப் வசதியே இல்லாத ஏ.டி.எம். என்றால் அதுவும் தேவைப்படாது.

இதை வங்கியிடம் நிரூபிக்க முடியும். ஒவ்வொரு பரிவர்த்தனையோடும் கார்டு எந்த முறையில் படிக்கப்பட்டது என்ற குறியீடு வங்கிக்குப் போகிறது. 05 என்றால் சிப், 07 என்றால் தட்டிச் செலுத்தியது, 90 என்றால் காந்தப் பட்டை, 80 என்றால் சிப் தோல்வியுற்றுப் பட்டைக்குத் திரும்பியது. அந்த ஏ.டி.எம். பரிவர்த்தனைக்குரிய நுழைவு முறைக் குறியீடு என்ன என்று எழுத்து மூலம் கேளுங்கள். 90 அல்லது 80 என்று பதில் வந்தால், உங்கள் தம்பியின் உண்மையான சிப் அங்கே பயன்படவில்லை என்பதற்கு வங்கியின் சொந்தப் பதிவே சான்றாகும். “பின் எண் சரியாக இருந்தது” என்ற வாதம் அதற்குப் பிறகு அவ்வளவு வலுவாக நிற்காது.

இனி ப்ளூடூத். இது வெறும் வதந்தி அன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ‘ப்ளூடானா’ என்ற செயலியை உருவாக்கி, அமெரிக்காவில் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 1,185 நிலையங்களில் அதைப் பயன்படுத்தி 64 ஸ்கிம்மர்களைக் கண்டுபிடித்ததாக 2019இல் அறிக்கை அளித்தனர். ஆனால் பெயரை மட்டும் பார்த்தால் தவறு நேரும் என்பதும் அந்த ஆய்வின் ஒரு பகுதி. அதே பலகை வேறு எத்தனையோ நியாயமான கருவிகளில் இருக்கிறது; அதன் பெயரை மாற்றவும் முடியும். ஆகவே அந்தச் செயலி பெயரோடு கருவியின் முகவரி, வகை, சமிக்ஞை எங்கே வலுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தது. ப்ளூடூத்தே இல்லாமல் தகவலைச் சேமித்து வைத்துக்கொள்ளும் ஸ்கிம்மர்களும், கைபேசி வலைப்பின்னல் வழியாகக் குறுஞ்செய்தியாக அனுப்புபவையும் உள்ளன. எனவே, பட்டியலில் அந்தப் பெயர் வந்தால் அந்தப் பம்பை விட்டு விலகுங்கள். வரவில்லை என்பதற்காக நம்ப வேண்டாம்.

தணிகைவேல்

வந்தால் விலகலாம் என்றால் பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லையே. சில நொடிகள்தாம் ஆகின்றன. நான் தொடர்ந்து பார்ப்பேன்.

செங்குட்டுவன்

தாராளமாகப் பாருங்கள். ஆனால் அதே சில நொடிகளை முத்திரை நாடாவைப் பார்ப்பதற்குச் செலவிட்டால் பயன் கூடுதல் என்பது என் கருத்து. கட்டணப் பகுதியின் கதவும் பம்பின் உடலும் சேரும் கோட்டின் மேல் வரிசை எண் அச்சிட்ட நாடாவைப் பல நிலையங்கள் ஒட்டுகின்றன. அதைப் பிரித்தெடுத்தால் அடியில் மறைந்திருக்கும் ‘வாய்டு’ என்ற எழுத்துகள் வெளிப்பட்டுவிடும், திரும்ப ஒட்டினாலும் மறையா. நாடா கோட்டின் நடுவே கத்தியால் கீறப்பட்டிருக்கிறதா என்று விரல்நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தூரத்திலிருந்து முழுமையாகத் தெரியும் நாடா, நகம் படும்போது பிளவைக் காட்டிக்கொடுக்கும். பிறகு பக்கத்துப் பம்பின் நாடாவைப் பாருங்கள். எல்லாம் வெயிலில் வெளுத்திருக்க ஒன்று மட்டும் புதிதாக மின்னினால், அல்லது வரிசை எண் மற்றவற்றோடு ஒட்டாமல் வேறு தொடரில் இருந்தால், உள்ளே போய்ப் பணியாளரிடம் கேளுங்கள். பழுது பார்த்ததால் மாற்றியிருக்கவும் கூடும். அவர்களிடம் பதிவேடு இருந்தால் அதைக் கொண்டு சொல்லிவிடுவார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. நாடாவே ஒட்டாத நிலையங்கள் உள்ளன. வெற்று நாடாச் சுருளை வாங்கி ஒட்டும் திருடர்களும் உள்ளனர். ஆகவே நான் என் குடும்பத்தாருக்குச் சொல்வது சோதனையைப் பற்றியதே அன்று: பம்பில் தட்டிச் செலுத்தும் வசதி இருந்தால் கார்டைச் செருகவே வேண்டாம். தட்டும்போது பட்டை எந்தத் தலையின் மேலும் உரசுவதில்லை, போகும் குறியீடும் அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமே செல்லும். அந்த வசதி இல்லையென்றால் உள்ளே சென்று பணியாளரின் கண்ணெதிரே உள்ள கருவியில் செலுத்துங்கள். பம்பில் செருகித்தான் ஆக வேண்டும் என்றால் பின் எண் கேட்காத கிரெடிட் கார்டைப் பயன்படுத்துங்கள். அதுவும் திருடப்படலாம், ஆனால் ஏ.டி.எம்.மிலிருந்து உங்கள் சேமிப்பு போகாது.

நாகரத்தினம்

உள்ளே உள்ள கருவி பாதுகாப்பானது என்று முடித்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். எனக்குச் சிறியதொரு கடை உண்டு. பில் போடும் மேசையில் இருந்த கார்டு கருவியின் மேல் ஒருமுறை போலி மூடியைப் பொருத்திவிட்டார்கள். இருவர் வந்தனர், ஒருவர் பின்னால் உள்ள அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் தரச் சொன்னார், என் பணியாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் மற்றவர் வேலையை முடித்துவிட்டார். கண்காணிப்புக் காட்சியைப் பின்னர் பார்த்தபோது, அது நடந்த வேகம்தான் என்னைத் திகைக்க வைத்தது.

காட்டிக்கொடுத்தது மூன்று சிறு விஷயங்கள். தட்டிச் செலுத்த முயன்றவர்களுக்கு அன்று மாலையிலிருந்து கருவி சரியாகப் பதில் சொல்லவில்லை. எப்போதும் விசைகளுக்கு அடியிலிருந்து வரும் மெல்லிய வெளிச்சம் தெரியவில்லை. விசைகளை அழுத்தும்போது இரண்டு நிலைகளில் இறங்குவதுபோல் இருந்தது: மேலுள்ள போலி விசை முதலில் இறங்கி, அதற்குக் கீழுள்ள உண்மையான விசையைப் பிறகு அழுத்தியது. கருவியின் கீழ் விளிம்பில் நகத்தை நுழைத்துத் தூக்கியதும், அதே நிறத்தில் அதே அச்சோடு இருந்த முழு மூடியும் ஓர் ஓடு கழல்வதுபோலக் கையோடு வந்துவிட்டது. அதன் உட்புறத்தில் எண் பலகைக்கென ஒரு மெல்லிய தாளும், பட்டை தேய்க்கும் பள்ளத்தை ஒட்டி ஒரு சிறிய தலையும், தட்டையான பேட்டரியும் இருந்தன.

இப்போது கடையைத் திறக்கும்போதும் பணிமாற்றத்தின்போதும் கருவியின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கருவியின் நான்கு பக்கங்களின் புகைப்படங்களும் மேசையின் உள்ளே ஒட்டப்பட்டிருக்கின்றன. கார்டு ஏற்கும் வணிகர்கள் தம் கருவிகளை அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்பது கார்டு நிறுவனங்களின் பாதுகாப்புத் தரவிதியிலேயே இருக்கிறது. அது பல சிறு கடைக்காரர்களுக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பூங்குழலி

ஐயா, இதுபோன்ற மூடியைக் கடைக்கு வரும் வாடிக்கையாளர் எப்படிக் கண்டுகொள்வது? வரிசையில் நிற்பவர்கள் முன்னால் கருவியைத் தூக்கிப் பிரித்துப் பார்க்க யாருக்கும் துணிவு வராதே. கேமராவைப் பற்றியும் சொல்லுங்கள்.

நாகரத்தினம்

பிரிக்க வேண்டியதில்லை, அம்மா. வரிசையில் நிற்கும்போதே அடுத்த மேசையில் இருக்கும் அதே வகைக் கருவியைப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தடிமனாகவோ, திரை பள்ளத்தில் அமிழ்ந்ததுபோலவோ, ஒன்றில் மட்டும் விளக்குகள் எரியாமலோ இருந்தால் கேளுங்கள். கார்டைச் செருகச் சொல்லிக் கருவியைக் கையில் கொடுக்கும்போது, இயல்பாகப் பிடிப்பதுபோலவே விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தலாம். முறையான கருவியில் முகப்பு தனியே நெகிழாது. இப்படிப் பார்ப்பவர்கள்மேல் நேர்மையான கடைக்காரருக்குக் கோபம் வராது. எனக்கு நன்றியுணர்வுதான் வரும்.

கேமராவைத் தேடுவதில் நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். ஊசித்துளை அளவே உள்ள அதை விளம்பரத் தாள் செருகும் பெட்டியிலோ, கருவிக்கு மேலே ஒட்டப்பட்ட ஒரு பட்டையிலோ, மேசையில் வைத்த பேனா தாங்கியிலோ வைத்துவிடலாம். எண் பலகையை நேராகப் பார்க்கும் துளையோ, அந்த இடத்துக்குப் பொருந்தாத பொருளோ தெரிந்தால் விலகலாம். ஆனால் தெரியாமல் போவதற்கே வாய்ப்பு மிகுதி. விசைகளுக்கு மிக அருகே, மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் தெரியாதபடி மறு கையைக் கூடாரமாகக் கவிப்பதுதான் முறையான காப்பு. பலர் கையை ஒரு சாண் உயரத்தில் பிடிக்கிறார்கள், அதன் கீழே பக்கவாட்டில் எல்லாம் தெரிகிறது.

செங்குட்டுவன்

நாகரத்தினம் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கைகவிப்பது கேமராவை வெல்லும். போலி எண் பலகையை வெல்லாது. அதனால் விசைகள் வழக்கத்துக்கு மாறாகத் தடித்தோ மெத்தென்றோ இருந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு இலக்கங்கள் மட்டும் போனால் நட்டம் ஒன்றும் இல்லை.

சிப் துளைக்குள்ளேயே செருகிவைக்கப்படும் தகடும் உண்டு, அதை ஷிம்மர் என்பார்கள். கார்டின் தொடுமுனைகளுக்கும் கருவியின் தொடுமுனைகளுக்கும் இடையில் தாள் போல மெலிந்து படுத்திருக்கும். கார்டு உள்ளே போகும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால் ஐயப்படலாம் என்பதைத் தவிர வாடிக்கையாளரால் அதைக் காண இயலாது. ஆனால் அதில் கிடைக்கும் தகவலைக் கொண்டு சிப்பை உருவாக்க முடியாது. பட்டையில் எழுதினாலும், சிப்புக்கென்று வைத்திருக்கும் சரிபார்ப்புக் குறியீடு பட்டைக்கு உரியதிலிருந்து வேறுபட்டிருக்கும் என்பதால், அதை ஒப்பிட்டுப் பார்க்கும் வங்கி நிராகரித்துவிடும். ஒப்பிடாத வங்கியிடம்தான் அது செல்லுபடியாகும்.

பூங்குழலி

அனைவருக்கும் நன்றி. தம்பியிடம் கேட்டேன். திரையில் “செருகி உடனே எடுக்கவும்” என்றுதான் வந்ததாம். நுழைவு முறைக் குறியீட்டைக் கேட்டு வங்கிக்கு எழுதினோம், அந்த ஏ.டி.எம். பரிவர்த்தனைக்கு 90 என்று பதில் வந்திருக்கிறது. மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள், பணம் திரும்பும் என்று இன்னும் உறுதியளிக்கவில்லை. பங்க் உரிமையாளரிடமும் எந்தப் பம்ப், எந்த நேரம் என்பதைத் தெரிவித்துவிட்டோம். கதவைத் திறந்து பார்க்கப் பழுதுபார்ப்பவரை அழைத்திருக்கிறார்.

செங்குட்டுவன்

90 என்றால் நிலைமை நல்லது. அந்தப் பதிலின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். முதலில் வந்த மறுப்புக் கடிதத்தோடு இணைத்து, அசல் சிப் அங்கே படிக்கப்படவில்லை என்பதைத் தனி வரியாக எழுதி அனுப்புங்கள். உரிமையாளரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: உள்ளே பலகை ஏதும் தென்பட்டால் அதைக் கையால் கழற்ற வேண்டாம், பம்பை நிறுத்திவிட்டுக் காவல்துறையை அழைக்கட்டும். அதில் விரல்ரேகையும், சேமித்த கார்டு எண்களும் இருக்கக்கூடும். அந்த எண்கள் கிடைத்தால் மற்றவர்களின் கார்டுகளையும் வங்கிகள் உடனே முடக்க முடியும்.

மரகதம்

உறையைப் பற்றித் தெளிவு கிடைத்தது. பட்டையே தேவையில்லை என்றால், அதைக் காந்தத்தால் அழித்துவிட்டுச் சிப்பை மட்டும் பயன்படுத்தலாமா?

தணிகைவேல்

நானும் அதையே யோசித்தேன். மாஸ்டர்கார்டு தன் கார்டுகளிலிருந்து பட்டையைப் படிப்படியாக நீக்கி, 2033க்குள் முற்றிலும் இல்லாமல் செய்யப்போவதாக 2021இல் அறிவித்திருக்கிறது. அதுவரை நாமே அழித்துக்கொண்டால் என்ன?

செங்குட்டுவன்

அழித்தால் நகலெடுக்க எதுவும் இருக்காது என்பது உண்மை. ஆனால் கார்டு வங்கியின் உடைமை, அதை மாற்றுவதை அவர்களின் விதி அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டையை மட்டுமே படிக்கும் கருவியில் கார்டு செல்லாது. செருகப்படுவது கார்டுதான் என்பதை உறுதிசெய்யப் பட்டையை உணர்ந்த பிறகே வாயைத் திறக்கும் ஏ.டி.எம்.களும் உண்டு, அங்கே கார்டு உள்ளேயே போகாது. சில வங்கிகள் தங்கள் செயலியிலேயே காந்தப் பட்டைப் பயன்பாட்டை நிறுத்திவைக்கும் வசதியைத் தருகின்றன. உங்கள் வங்கியில் அது இருந்தால் காந்தத்துக்கு வேலையே இல்லை.